ஸ்டாரில் ஓடுகிறது, டெல்டாவில் உறுமுகிறது: ஸ்டார்-டெல்டா போர்டில் பிழை தேடும் வழி

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு ஷெட்டில், தொழில் படிக்கிற பையன்களுக்காக ஒரு செயல்விளக்க போர்டு செய்தோம். பலகையில் மூன்று காண்டாக்டர், ஒரு டைமர், ஒரு ஓவர்லோட் ரிலே, இரண்டு புஷ் பட்டன். கீழே தரையில் போல்ட் போட்டு இறுக்கிய 5 எச்.பி. மோட்டார். பலகையை நான் மாட்டிக் கொடுத்தேன், ஒயரிங் முழுக்கப் பையன்கள் செய்தார்கள். அவர்கள் செய்த தப்பும் அதைத் தேடிப் பிடித்த விதமும்தான் இதில் பெரும்பகுதி. மில்லிலோ கிணற்றடியிலோ பேனல் வேலை பார்க்கிறவர்களுக்கும் இதே குறிகள்தான் வரும்.

மோட்டாருக்குள் மூன்று வைண்டிங். ஒவ்வொன்றுக்கும் தலை ஒன்று, வால் ஒன்று. தலைகள் U1, V1, W1. வால்கள் U2, V2, W2. மெயின் காண்டாக்டர் மூன்று தலைக்கும் ஆர், ஒய், பி பேஸைக் கொடுக்கிறது. ஸ்டார் காண்டாக்டர் மூன்று வாலையும் ஒன்றாக முடிச்சுப் போடுகிறது. அப்போது ஒவ்வொரு வைண்டிங்கும் 415-க்குப் பதில் 240 வோல்ட்தான் பார்க்கும், லைனில் இழுக்கும் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். டைமர் முடிந்ததும் ஸ்டார் விழுந்து டெல்டா காண்டாக்டர் எழுகிறது. அது வால்களுக்கும் பேஸைக் கொடுக்கிறது. அந்த வாலுக்கு எந்த பேஸ் போகிறது என்பதில்தான் பாதிப் பிழையும் ஒளிந்திருக்கிறது.

போர்டுக்கு மோட்டார் கொண்டு வரும்போதே பெயர்த்தகட்டைப் படித்துவிடுங்கள். 415 வோல்ட் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் டெல்டாவின் முக்கோணக் குறி இருக்க வேண்டும். எங்களுக்கு முதலில் ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த 2 எச்.பி. மோட்டாரைத்தான் தந்தார். அதன் தகட்டில் 415 வோல்ட், ஸ்டார் என்று இருந்தது. அதன் வைண்டிங் தாங்குவதே 240 வோல்ட். அதை டெல்டாவில் போட்டால் போர்டில் எல்லாம் சரியாக நடக்கும், காண்டாக்டர்கள் அழகாக மாறும், வைண்டிங் மட்டும் கருகிவிடும். சின்ன மோட்டார்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. திருப்பிக் கொடுத்துவிட்டு 5 எச்.பி. வாங்கினோம். தகட்டில் 415 வோல்ட், டெல்டா, 7.5 ஆம்பியர்.

மூடியைத் திறக்குமுன்

ஸ்டாப் பட்டனை அழுத்திவிட்டால் பேனல் செத்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் நிறைய. ஸ்டார்-டெல்டாவில் அந்த நினைப்பு ஆபத்து. மோட்டார் நின்ற பிறகும் மெயின் காண்டாக்டரின் மேல் முனையிலும், டெல்டா காண்டாக்டரின் மேல் முனையிலும் முழு 415 வோல்ட் காத்துக் கிடக்கும். டெல்டா விழுந்துதானே கிடக்கிறது என்று அதன் மேல் ஸ்க்ரூவைத் தொட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கண்ட்ரோல் சர்க்யூட்டுக்குத் தனி எம்.சி.பி. வைத்திருந்தால் அதையும் இறக்க வேண்டும். பவர் எம்.சி.பி. இறங்கியிருந்தாலும் காயில் ஒயரில் 240 வோல்ட் இருக்கும்.

வரும் எம்.சி.பி.யை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டுப் போட வழியில்லாத எம்.சி.பி. என்றால் ஆளை நிறுத்துவதைவிட, அதிலிருந்து வெளியே வரும் ஒயரைக் கழற்றி டேப் சுற்றிவிடுவது மேல். ஆள் டீ குடிக்கப் போய்விடுவான். அப்புறம் மீட்டரை முதலில் உயிருள்ள ஒரு இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு பேனலில் மூன்று பேஸ் நடுவிலும் ஒவ்வொரு பேஸுக்கும் எர்த்துக்கும் பார்த்து, மறுபடி உயிருள்ள இடத்தில் பாருங்கள். மீட்டரின் ஒயரே அறுந்திருந்தால் எல்லா இடத்திலும் பூஜ்யம்தான் காட்டும், அதற்காகத்தான் இந்த மூன்றாவது முறை. மோட்டார் உடம்புக்கு இரண்டு தனித்தனி எர்த் ஒயர் வேண்டும். ஒன்று கழன்றாலும் இன்னொன்று இருக்கும்.

இன்னொன்று. காண்டாக்டரின் தலையை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கிப் பார்க்கும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. சாதாரண ஸ்டார்ட்டரில் அது கெட்ட பழக்கம் மட்டும். இங்கே ஸ்டார் எழுந்திருக்கும்போது டெல்டாவைக் கையால் அமுக்கினால் மூன்று பேஸும் முகத்துக்கு நேராக ஷார்ட் ஆகும். பவர் இருக்கும்போது அதைச் செய்யவே கூடாது.

குறி: ஸ்டாரில் நன்றாக ஓடி, டெல்டா எழுந்ததும் உறுமுகிறது

முதல் நாளே இதுதான் வந்தது. ஸ்டார்ட் அழுத்தியதும் மோட்டார் மெல்ல எழும்பி வேகம் பிடித்தது. கிளாம்ப் மீட்டரில் ஒரு ஆம்பியர் சுற்றித்தான் ஓடியது. டைமர் ஐந்து விநாடியில் மாற்றியது. ‘டக்’ என்று டெல்டா எழுந்த அடுத்த கணம் மோட்டார் எருமை மாதிரி உறுமியது, பலகையே அதிர்ந்தது. பையன் ஸ்டாப்பை அழுத்திவிட்டுத் திரும்பினான்.

“அண்ணாச்சி, ஸ்டார்ல நல்லாத்தானே ஓடிச்சு? மோட்டார் போயிட்டோ?”

“மோட்டார் போகல தம்பி. ஸ்டார்ல ஓடினதே மோட்டார் நல்லா இருக்குன்னுதான் சொல்லுது. இன்னொரு தரம் போடு, நான் கரண்ட் பாக்கேன். கை ஸ்டாப்லயே இருக்கட்டும்.”

இரண்டாவது முறை வரும் எம்.சி.பி.க்குக் கீழே ஒவ்வொரு பேஸிலும் கிளாம்ப் மாட்டி ஒரு விநாடி மட்டும் பார்த்தோம். ஆர் பேஸில் 25 ஆம்பியரைத் தாண்டியது. பி பேஸிலும் அப்படியே. ஒய் பேஸில் பூஜ்யம்.

இந்தப் பூஜ்யத்தைக் கண்டதும் ஒய் பேஸ் ப்யூஸ் போய்விட்டது, கரண்ட் ஆபீஸில் ஒரு பேஸ் இல்லை என்றுதான் எல்லோரும் ஓடுவார்கள். ஆனால் ஸ்டாரில் மூன்று பேஸிலும் சமமாக ஒரு ஆம்பியர் இருந்ததே. சப்ளையில் பேஸ் போயிருந்தால் ஸ்டாரிலேயே மோட்டார் எழும்பியிருக்காது. ஆக மெயின் காண்டாக்டர் வரை எல்லாம் சரி. மூன்று வைண்டிங்கும் சரி. பிழை டெல்டா காண்டாக்டரின் ஒயரில்.

ஏன் ஸ்டார் இந்தத் தப்பைக் காட்டிக்கொடுக்கவில்லை? ஸ்டாரில் மூன்று வாலும் ஒரே முடிச்சு. எந்த வால் எந்த ஒயரில் வருகிறது என்பதே அதற்கு முக்கியமில்லை. வால்களை எப்படிக் குழப்பி மாட்டினாலும் ஸ்டார் ஸ்டாராகவே இருக்கும். டெல்டாவில்தான் ஒவ்வொரு வாலும் தன் பேஸைக் கேட்கிறது.

மூன்று வாலை மூன்று பேஸில் மாட்ட மொத்தமே ஆறு வழிதான். அதில் இரண்டு சரியான டெல்டா. ஒன்றில் மூன்று வாலும் தன் தலைக்கு வந்த அதே பேஸில் போய் உட்காரும். மீதி மூன்றில் ஒரு வைண்டிங்கின் தலையும் வாலும் ஒரே பேஸில் மாட்டும், மற்ற இரண்டு வைண்டிங்கும் ஒரே ஜோடி பேஸுக்கு நடுவில் எதிரும் புதிருமாக நிற்கும். அதாவது கண்ணை மூடிக்கொண்டு மாட்டினால் பாதிக்குப் பாதி வாய்ப்பு உறுமலுக்குத்தான்.

எங்கள் போர்டில் நடந்தது அந்த மூன்றில் ஒன்று. V வைண்டிங்கின் தலையிலும் ஒய், வாலிலும் ஒய். அதற்கு வெளியிலிருந்து வோல்டேஜ் கிடையாது. ஆர்-க்கும் பி-க்கும் நடுவில் U-வும் W-வும். மோட்டாருக்குள் சுழலும் காந்தப்புலம் போய், ஒரே திசையில் ஏறி இறங்கும் புலம்தான் மிச்சம். அதுதான் உறுமல். லோடு இல்லாததால் அச்சு சுற்றிக்கொண்டே இருந்தது, அதனால் கேட்பவருக்கு ‘ஓடுகிறதே’ என்றும் தோன்றும்.

இங்கே ஒரு ஏமாற்று வேலை உண்டு. நான் கிளாம்பை எம்.சி.பி.க்குக் கீழே மாட்டினேன் என்று சொன்னேனே, அதற்குக் காரணம் இருக்கிறது. அதையே மோட்டாருக்குப் போகும் V1 ஒயரில் மாட்டியிருந்தால் பூஜ்யம் காட்டாது, நல்ல கரண்ட் காட்டும். இரு முனையும் ஒரே பேஸில் முடிந்த V வைண்டிங் மோட்டாருக்குள் ஷார்ட் ஆன வளையம் போல ஆகிவிடுகிறது. அதில் தூண்டப்பட்ட கரண்ட் தலை வழியே வந்து மெயின் காண்டாக்டரைக் கடந்து, டெல்டா காண்டாக்டர் வழியே வாலுக்குள் திரும்பிப் போகும். லைனுக்கு அது தெரியாது. அந்த ஒயரில் மட்டும் பார்த்தவர் ‘மூன்றிலும் கரண்ட் இருக்கு, பேஸ் எல்லாம் சரி’ என்று தப்பாக முடிவு கட்டிவிடுவார்.

இனி தேடல். எம்.சி.பி. இறக்கிப் பூட்டி, செத்ததை உறுதி செய்த பிறகு, மீட்டரைப் ‘பீப்’ சத்தத்தில் வையுங்கள். எல்லாக் காண்டாக்டரும் விழுந்திருக்கும்போது மூன்று வைண்டிங்கும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தனித்தனியாக நிற்கும், அதுதான் நமக்கு வசதி. முதலில் மெயினின் மேல் முனை 1, 3, 5-உம் டெல்டாவின் மேல் முனை 1, 3, 5-உம் அதே வரிசையில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்களில் அது சரியாக இருந்தது. அப்புறம் ஒரு முனையை மெயினின் கீழ் 2-இல் வைத்து, மறுமுனையை டெல்டாவின் கீழ் 2, 4, 6 என்று நகர்த்துங்கள். ஏதாவது ஒன்றில் பீப் வரும், அதுதான் U வைண்டிங். இப்படியே மெயின் 4, மெயின் 6. (ரிலே மெயினுக்குக் கீழே இருந்தால் அதன் வழியாகத்தான் போகும், குழப்பம் வராது.)

```
மெயின்   சரி-1   சரி-2   எங்களில் வந்தது
  2        4       6          6
  4        6       2          4
  6        2       4          2
```

மெயின் 4-க்கு டெல்டா 4-இலேயே பீப் வந்தது. அதே எண் அதே எண்ணைக் கண்டால் அந்த வைண்டிங் செத்தது. டெல்டாவின் கீழ் 4-இலும் 6-இலும் இருந்த ஒயரை இடம் மாற்றினோம். 2 போய் 4-ஐயும், 4 போய் 6-ஐயும், 6 போய் 2-ஐயும் கண்டது. பூட்டைத் திறந்து போட்டோம். டெல்டா ‘டக்’கென்று எழுந்தது, மோட்டார் லேசாக ஒரு மூச்சு விட்டு அமைதியானது. மூன்று பேஸிலும் 3 ஆம்பியர் சுற்றி.

தப்பு எப்படி வந்தது என்றும் பார்த்தோம். ஆறு ஒயரும் கறுப்பு, எதிலும் ஃபெரூல் எண் இல்லை. கேபிள் டைக்குள் ஒய்-உம் பி-யும் பின்னிப் போயிருந்தன. டெர்மினல் பாக்ஸின் கீழ் வரிசை U2, V2, W2 என்று இருக்காது. இடமிருந்து W2, U2, V2 என்று இருக்கும். அதனால்தான் U1-க்கு நேர் கீழே W2 நிற்கிறது, நேராகத் தகடு போட்டாலே டெல்டா ஆகிவிடுகிறது. ஆகவே டெல்டா காண்டாக்டரின் 2, 4, 6-ஐக் கீழ் வரிசையில் இடமிருந்து வலம் அப்படியே இறக்கினாலே போதும். யோசித்து மாட்டுகிறேன் என்று உட்கார்ந்தால்தான் பிழை.

சரி-1, சரி-2 இரண்டிலும் மோட்டார் ஒரே திசையில்தான் சுற்றும். ஆனால் U1, V1, W1-க்கு ஆர், ஒய், பி வரிசையிலேயே பேஸ் வரும்போது சரி-2-இல் மாறும் கணத்தின் குத்து குறையும். ஸ்டார் விழுந்து டெல்டா எழும் இடைவெளியில் ரோட்டர் சற்றே பின்தங்குகிறது, அதன் மிச்ச வோல்டேஜும் பின்தங்குகிறது. சரி-2-இல் வைண்டிங்குக்கு வரும் வோல்டேஜும் 30 டிகிரி பின்தங்கியே வருவதால் இரண்டும் மோதாமல் சேருகின்றன. 5 எச்.பி.யில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 30, 40 எச்.பி. மில் மோட்டாரில், மாறும்போது எம்.சி.பி. எப்போதாவது காரணமில்லாமல் விழுகிறது என்றால் இதைப் பார்ப்பேன்.

குறி: டெல்டா எழுந்ததும் சத்தமே இல்லாமல் வேகம் குறைந்து நிற்கிறது

உறுமல் இல்லை, கரண்ட் மூன்றிலும் பூஜ்யம், டெல்டா காண்டாக்டர் மட்டும் எழுந்து நிற்கிறது. ஆறு வழியில் அந்த ஒரு வழி இது. U1-க்கு ஆர் என்றால் U2-க்கும் ஆர்தானே என்று எண்ணை எண்ணோடு ஜோடி சேர்த்தவர் செய்த வேலை. மேலே சொன்ன பீப் சோதனையில் 2-க்கு 2, 4-க்கு 4, 6-க்கு 6 வரும். டெல்டாவின் கீழ் மூன்று ஒயரையும் ஒரு இடம் சுற்றி மாட்டினால் தீர்ந்தது. மோட்டாருக்குக் கெடுதல் இல்லாத பிழை என்பதால் பையன்களுக்குக் காட்ட இதைத்தான் வேண்டுமென்றே செய்வேன்.

ஆனால் டெல்டா காண்டாக்டரே எழாமல் மோட்டார் நின்றால் அது வேறு கதை. டெல்டா காயிலுக்கு ஒயர் போகவில்லை, இல்லை காயில் போய்விட்டது.

குறி: மாறும் கணத்தில் ‘டமார்’, எம்.சி.பி. விழுகிறது

ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரத்தில் மூடியிருக்கின்றன. டெல்டா மூன்று பேஸையும் வால்களுக்குக் கொண்டு வருகிறது, ஸ்டார் அந்த வால்களை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. நடுவில் மோட்டாரே இல்லாத நேரடி ஷார்ட். மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள்.

செத்த நிலையில், டெல்டாவின் கீழ் 2-க்கும் 4-க்கும் நடுவில் மீட்டர் வையுங்கள், அப்புறம் 4-க்கும் 6-க்கும், கடைசியாக 2-க்கும் 6-க்கும். எதிலும் பீப் வரக் கூடாது. வந்தால் ஸ்டார் காண்டாக்டரின் பாயிண்ட் ஒட்டிக்கொண்டது. அந்தக் காண்டாக்டரைச் சுரண்டி ஓட்டாதீர்கள், மாற்றுங்கள்.

பாயிண்ட் ஒட்டவில்லை என்றால் இண்டர்லாக்கைப் பாருங்கள். ஸ்டாரின் 21-22 என்.சி. முனை டெல்டா காயிலோடும், டெல்டாவின் 21-22 ஸ்டார் காயிலோடும் தொடராக வர வேண்டும். ஒரு வேடிக்கை இதில் உண்டு: ஸ்டார் பாயிண்ட் ஒட்டினாலும் இண்டர்லாக் சரியாக இருந்தால் டமார் வராது. ஒட்டிய காண்டாக்டரின் என்.சி. திறந்தே இருக்கும், டெல்டா எழவே எழாது, மோட்டார் ஸ்டாரிலேயே முனகிக்கொண்டு ஓடும். ஆக ‘டைமர் முடிந்தும் டெல்டாவுக்குப் போகவில்லை’ என்று யாராவது கூப்பிட்டால் டைமரை மாற்றுமுன் ஸ்டார் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறேன். எழாத டெல்டாவை எழ வைக்க அந்த இண்டர்லாக் ஒயரைக் குறுக்கே இணைத்துவிடுகிறவர்கள்தான் அடுத்த ஸ்டார்ட்டில் டமாரை வாங்குகிறார்கள்.

மூன்றாவது காரணம் டைமரே. ஸ்டார்-டெல்டாவுக்கென்று வரும் டைமர் ஸ்டாரை விட்டபின் சுமார் 50 மில்லிசெகண்ட் சும்மா இருந்துவிட்டு டெல்டாவைப் போடும். அந்த நேரத்தில்தான் ஸ்டார் பாயிண்டில் எழுந்த பொறி அணைகிறது. சாதாரண டைமரில் அந்த இடைவெளி கிடையாது. கடையில் அது இல்லை, இதைப் போடுங்க என்று தந்தால், காந்தம் நலிந்த பழைய காண்டாக்டரோடு அது சில நாள் தாங்கும், பிறகு ஒரு நாள் வெடிக்கும்.

குறி: ஸ்டாரில் வேகமே பிடிக்கவில்லை, டெல்டாவில் பெரிய குத்து

போர்டில் வராது, மில்லில் வரும். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு மாவு மில்லில் 10 எச்.பி. மோட்டார். டைமரை 8 விநாடியிலிருந்து 20 வரை கூட்டிப் பார்த்துவிட்டார்கள், ஒவ்வொரு முறையும் டெல்டாவில் பெல்ட் கத்துகிறது. கிளாம்ப் மாட்டியதும் விஷயம் தெரிந்தது. ஸ்டாரில் கரண்ட் ஏறி நின்றது நின்றபடியே இருந்தது, இறங்கவே இல்லை. இறங்கவில்லை என்றால் வேகம் ஏறவில்லை என்று பொருள். ஸ்டாரில் கிடைக்கும் திருப்பு விசையும் மூன்றில் ஒரு பங்குதான். கல்லுக்கு மேல் நேற்றைய தானியம் அப்படியே நின்றது. இதில் மாலை நேரத்தில் லைன் 360 வோல்ட்டுக்கு விழுந்தால் அந்த மூன்றில் ஒரு பங்கும் நாலில் ஒரு பங்காகிவிடும்.

நேரத்தைக் கூட்டுவது இங்கே ஒன்றும் செய்யாது, வைண்டிங்கைச் சூடாக்கும், அவ்வளவுதான். தொட்டியின் அடைப்புத் தகட்டை மூடிவிட்டு மோட்டாரைப் போடச் சொன்னேன். ஆறு விநாடியில் ஸ்டார் கரண்ட் மளமளவென்று இறங்கி ஒரு அளவில் நின்றது. அந்த ‘நின்றது’தான் டைமருக்கான நேரம். அதற்கு மேல் ஒரு விநாடி சேர்த்து ஏழில் வைத்தோம். டெல்டாவுக்குப் போன பிறகு தகட்டைத் திறக்கிறார்கள்.

குறி: மோட்டார் சூடேறி வாடை வருகிறது, ஓவர்லோட் ரிலே அசையவில்லை

ரிலே எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மெயின் காண்டாக்டருக்குக் கீழே, U1, V1, W1-க்குப் போகும் ஒயரில் இருந்தால் அது பார்ப்பது லைன் கரண்ட் இல்லை, ஒரு வைண்டிங்கின் கரண்ட். டெல்டாவில் அது லைனில் 58 சதவீதம்தான். எங்கள் மோட்டாருக்கு:

```
7.5 × 0.58 = 4.35 A
```

பையன்கள் தகட்டைப் பார்த்து 7.5-இல் திருகி வைத்திருந்தார்கள். அப்படி விட்டிருந்தால் லைனில் 13 ஆம்பியர் வரை மோட்டார் இழுத்தாலும் ரிலே ‘எனக்கென்ன’ என்று இருந்திருக்கும். ரிலே மெயினுக்கும் டெல்டாவுக்கும் பிரிவதற்கு முன், வரும் லைனிலேயே இருந்தால் மட்டும்தான் 7.5 சரி. 4.3-க்குத் திருப்பி, பக்கத்தில் மார்க்கரால் எண்ணை எழுதி வைத்தோம். அப்புறம் பையன்கள் உட்கார்ந்து ஆறு ஒயருக்கும் ஃபெரூல் போட்டார்கள், இரண்டு முனையிலும்.